ஏழரை மா நிலமும் ஒரு ரசீதும்

சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் முதலில் கண்ணில் பட்டது அவருடைய கட்டைவிரல். அதற்கு மேலே பாதி மடிந்த ஒரு தாள். தாளின் நடுவில் ட்யூப்லைட்டின் வெளிச்சம் வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது. நவம்பர் 8ஆம் தேதி இரவு. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்டிவிட்டு வந்து, கிடைத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த நிமிஷம் போன் வந்தது.

"தம்பி, தொண்ணூறாயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டிருக்கான் பாரு. பயிர் போனா அதைக் குடுத்துருவாங்கள்ல?"

"இல்ல சித்தப்பா."

"பொறவு எதுக்கு அதை அச்சடிச்சிருக்கான்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. திருவாரூர் மாவட்டத்தில் ஏழரை மா வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு அந்தத் தாளில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல யாரும் இல்லை. பொது சேவை மையத்தில் வரிசை நின்றிருக்கிறது. தட்டச்சு செய்த பையன் தாளைக் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறான். அன்று இரவு போனிலேயே அந்த ரசீதை வரிவரியாகப் படித்தோம். படித்ததில் ஒரு பிழையும் அகப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தில் விழாத வரி

பயிரின் பெயர், ஊர், சர்வே எண், பரப்பு, காப்பீட்டுத் தொகை, பிரீமியம் என்று ரசீதின் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது. சித்தப்பா அனுப்பிய படத்தில் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரிதான் தெரிந்தது. பரப்பு 0.67. காப்பீட்டுத் தொகை 60,300 ரூபாய். ஆனால் அவர் கட்டியதாகச் சொன்ன பணம் 1,363 ரூபாய் 50 காசு. இரண்டும் ஒத்துவரவில்லை. 60,300க்கு நூற்றுக்கு ஒன்றரை வீதம் போட்டால் 904 ரூபாய் 50 காசுதான் வரும்.

"விரலை எடுத்துட்டு, தாளைத் தரையில விரிச்சு வச்சு, நாலு மூலையும் தெரியற மாதிரி இன்னொரு தரம் எடுங்க. லைட்டுக்கு நேரா வேணாம், வாசப்படி பக்கம் வச்சு எடுங்க" என்றேன்.

இரண்டாவது படத்தில் இன்னொரு வரி வந்தது. பரப்பு 0.34, தொகை 30,600, பிரீமியம் 459. விரல் மறைத்திருந்தது இந்த வரியைத்தான். இரண்டையும் கூட்டினால் பரப்பு 1.01, தொகை 90,900, பிரீமியம் 1,363 ரூபாய் 50 காசு. கணக்கு நேராகிவிட்டது.

ரசீதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தாள் நனையும், கிழியும், அச்சு மங்கும். ஆனால் படத்தில் விண்ணப்ப எண்ணின் கடைசி இலக்கம் வரை தெரிய வேண்டும். சர்வே எண்ணோடு அதன் உட்பிரிவும் தெரிய வேண்டும். எத்தனை சர்வே எண்ணில் நிலம் இருக்கிறதோ அத்தனை வரியும் விழ வேண்டும். இன்னொன்று: அந்தத் தாளில் வங்கிக் கணக்கு எண்ணும் செல்போன் எண்ணும் இருக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம், ஊர்க் குழுவில் போடக் கூடாது.

ஹெக்டேரை மாவாக்கிப் பார்த்தல்

"0.67ன்னா என்ன? முக்கா மாவா?" என்றார் சித்தப்பா.

டெல்டாவில் நிலத்தை மாவில் அளந்து பேசுகிறோம். பட்டா ஹெக்டேரில் பேசுகிறது, ரசீதும் அப்படித்தான். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். மூன்று மா ஓர் ஏக்கர். ஆகவே ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா. சித்தப்பாவின் மொத்த நிலம் அதுதான். 0.67 என்பது ஐந்து மா, 0.34 என்பது இரண்டரை மா.

பரப்பைச் சரிபார்க்காமல் விட்டால் இரண்டு விதத்திலும் நஷ்டம். குறைவாகப் பதிந்தால் இழப்பீடும் அந்த அளவுக்குக் குறையும். அடங்கலில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பதிந்தால், ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கும்போது விண்ணப்பமே தள்ளிப்போகலாம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிடுவது இரண்டு நிமிஷ வேலை.

பிரீமியம்: நாம் கட்டுவது ஒரு துண்டு

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீப் பருவத்தில் தொடங்கியது. விவசாயி கட்ட வேண்டிய பங்குக்கு அதில் உச்சவரம்பு உண்டு. காரீப் பருவத்து உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2 ரூபாய். ராபி பருவத்துக்கு ஒன்றரை ரூபாய். பணப்பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 ரூபாய். நம்முடைய சம்பாவும் தாளடியும் 'நெல் 2' என்ற பெயரில் ராபியில் வருவதால் ஒன்றரை சதவீதம்தான்.

சித்தப்பாவின் ரசீதில் ஹெக்டேருக்குக் காப்பீட்டுத் தொகை 90,000 என்று வைத்திருந்தார்கள். அதில் ஒன்றரை சதவீதம் 1,350. ஏக்கர்க் கணக்கில் சொன்னால் தொகை சுமார் 36,400, பிரீமியம் 546 ரூபாய் அளவில். இந்தத் தொகை மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தப் பயிருக்கு அந்த மாவட்டத்தில் நிர்ணயித்த கடன் அளவை ஒட்டி அது அமைகிறது. ஒரு வயலில் என்ன விளையும், அது என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கு அல்ல அது.

காப்பீட்டு நிறுவனம் உண்மையில் கேட்கும் பிரீமியம் இதைவிடப் பெரியது. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. நம்மிடம் பிரீமியத்துக்கு மேல் விண்ணப்பச் செலவு, கம்ப்யூட்டர் செலவு என்று பொது சேவை மையத்தில் வாங்கக் கூடாது. ரசீதில் உள்ள பிரீமியமும் கொடுத்த பணமும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. 2020 காரீப் முதல் அவர்களுக்கும் காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டாம் என்பவர்கள் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கி பிரீமியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். அப்படிக் கட்டிய பிறகும் எந்த ஊர், எந்தப் பயிர், எந்த சர்வே எண் என்று பதிந்தார்கள் என்பதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டுத் தொகை: அது உச்சவரம்பு

இனி சித்தப்பாவின் முதல் கேள்விக்கு வருவோம். 90,900 என்பது அந்த நிலத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கலாம் என்பதற்கான வரம்பு. அதில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பதை அவருடைய வயல் தீர்மானிப்பதில்லை. அவருடைய ஊர் தீர்மானிக்கிறது. இந்தத் திட்டத்தில் மக்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான்.

நெல் போன்ற முக்கியப் பயிருக்குப் பெரும்பாலும் ஒரு வருவாய்க் கிராமமே ஓர் அலகு. அந்தக் கிராமத்தில் குறைந்தது நான்கு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். குலுக்கல் முறையில் சர்வே எண்ணைத் தேர்ந்து, வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் போட்டு, அதிலுள்ள கதிரை அறுத்து அடித்து நிறுப்பார்கள். அந்தச் சதுரம் 25 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. எனவே நிறுத்து வந்த கிலோவை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். ஈரப்பதத்துக்குக் கொஞ்சம் கழிவு உண்டு. அதை விட்டுவிட்டுப் பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டு. சித்தப்பாவின் கிராமத்தில் நான்கு சதுரத்திலும் 9, 6, 8, 7 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி ஏழரை கிலோ. 400ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 3,000 கிலோ. அதுதான் அந்த ஆண்டு அந்த ஊரின் விளைச்சல்.

அடுத்தது, எவ்வளவு விளைந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. இதற்குக் கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுப்பார்கள். அது 5,000 கிலோ என்று வைப்போம். அதை அப்படியே எடுக்க மாட்டார்கள். 70, 80, 90 சதவீதம் என்று மாநில அரசு அறிவிக்கும் ஈட்டுறுதி அளவு ஒன்று உண்டு. அது 80 என்றால் 5,000இல் 80 சதவீதம் 4,000 கிலோ. இதை உத்தரவாத விளைச்சல் என்கிறார்கள். அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் சொன்னால், நல்ல ஆண்டுகளில் ஏக்கருக்கு 34 மூட்டை கண்ட ஊரில் உத்தரவாதக் கோடு 27 மூட்டையில் போடப்பட்டிருக்கிறது. 34இலிருந்து 27 வரை விழும் இழப்பு முழுக்க விவசாயி தலையில்தான்.

இப்போது 4,000 இருக்க வேண்டிய இடத்தில் 3,000 விளைந்திருக்கிறது. குறைந்தது 1,000. அது 4,000இல் கால் பங்கு. ஆகவே காப்பீட்டுத் தொகையிலும் கால் பங்கு. சித்தப்பாவின் ஐந்து மாவுக்கு 60,300 போட்டிருக்கிறதே, அதில் கால் பங்கு 15,075 ரூபாய்.

"சரி, என் வயல்ல ஒண்ணுமே வெளையல, ஊர்ல மத்தவனுக்கெல்லாம் வெளைஞ்சிருச்சுன்னா?"

"ஊர் சராசரி 4,000க்கு மேல இருந்தா ஒண்ணும் கெடைக்காது சித்தப்பா."

"எனக்கு வெளைஞ்சு, ஊருக்கு வெளையலன்னா?"

"அப்ப உங்களுக்கும் வரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நான் கட்டுனது என் வயலுக்கு இல்ல, ஊருக்கு" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் சொன்னதை நான் கேட்டதில்லை. பக்கத்து வரப்புக்காரருக்கு வேறு கிராமம் என்பதால் பணம் வந்து, தனக்கு வராமல் போனால், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தந்த ஊரின் அறுவடைப் பரிசோதனைக் கணக்கை. நம் ஊரில் பரிசோதனை நடக்கும் நாளை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, நான்கு பேர் போய் நின்று, எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்ளலாம். நஷ்டம் வந்த பிறகு போடும் மறியலைவிட அந்த நாளில் போய் நிற்பது பயன் தரும்.

பிழை எங்கே இருந்தது

ஊர்தான் கணக்கு என்று தெரிந்ததும் நான் ரசீதின் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். இரண்டு வரியிலும் ஒரே ஊர்.

"சித்தப்பா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டரை மா நம்ம ஊர் வருவாய்க் கிராமத்துலயா வருது?"

"இல்லப்பா, அது பக்கத்து ஊரு கணக்கு. அடங்கல் கூட அந்த ஊரு வி.ஏ.ஓ.கிட்டதான் வாங்குனேன்."

தட்டச்சு செய்தவர் முதல் வரியில் ஊரைத் தேர்ந்தவர், இரண்டாவது வரிக்கும் அதையே விட்டுவிட்டார். சர்வே எண் ஒரு ஊருடையது, பெயர் வேறு ஊருடையது. இப்படி இருந்தால் ஒன்று, ஆவணம் ஒத்துவரவில்லை என்று அந்த வரி தள்ளுபடி ஆகலாம். அல்லது, தவறான ஊரின் விளைச்சலை வைத்து இழப்பீடு கணக்கிடப்படலாம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தாழ்வான நிலம், எப்போதும் அதிகமாகத் தண்ணீர் நிற்கும். அந்த ஊரில் உத்தரவாதம் 3,600 கிலோ, விளைந்தது 1,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு சரிபாதி. இரண்டரை மாவுக்கான 30,600இல் பாதி 15,300 ரூபாய். தவறான ஊரில் கிடந்தால் அதே நிலத்துக்குக் கால் பங்கு, 7,650தான் கிடைத்திருக்கும். கட்டத்தில் ஒரு பெயர் மாறியதற்கு விலை இன்னொரு 7,650 ரூபாய்.

சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டு நீட்டிப்பார்கள், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. சித்தப்பா மறுநாளே இரண்டு அடங்கலையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டு அதே மையத்துக்குப் போனார். திருத்திப் புது ரசீது வாங்கிவந்தார். இந்தப் படத்தில் விரல் இல்லை.

கையில் ரசீது இருந்தால் காப்பீடு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நிறுவனம் ஆவணங்களைப் பார்த்து ஏற்க வேண்டும். `pmfby.gov.in` தளத்தில் `Application Status` என்ற இடத்தில் ரசீது எண்ணைப் போட்டால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். கட்டிய ஒரு வாரத்தில் ஒரு தரம், அடுத்த மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும். வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ பொது சேவை மையமோ செய்த பிழையால் விவசாயிக்கு இழப்பீடு தவறினால், பிழை செய்த அமைப்பே அதை ஈடுகட்ட வேண்டும் என்று திட்ட விதி சொல்கிறது. அந்த விதியைக் காட்டிப் பேச நம்மிடம் இருக்கும் ஒரே சான்று இந்த ரசீதும் அடங்கலும்தான்.

72 மணி நேரம்: எதற்கு உண்டு, எதற்கு இல்லை

"72 மணி நேரத்துல சொல்லணும்னு சொல்றாங்களே. மழையில பயிர் மூழ்குனா உடனே போன் போடணுமா?"

இந்த 72 மணி நேரக் கெடு எல்லா இழப்புக்கும் பொருந்தாது. மேலே சொன்ன ஊர்ச் சராசரி முறையில் விவசாயி எதையும் கோர வேண்டியதில்லை. ஊர் விளைச்சல் உத்தரவாதத்துக்குக் கீழே போனால், காப்பீடு செய்த எல்லோருக்கும் தானாகக் கணக்கிட வேண்டும். பருவத்தின் நடுவே வெள்ளத்திலோ வறட்சியிலோ ஊர்ப் பயிர் பாதிக்கும் கீழே போகும் என்று அரசும் நிறுவனமும் சேர்ந்து பார்த்து முடிவுசெய்தால் ஒரு முன்தொகை கொடுப்பதும் உண்டு. அதுவும் ஊர் அளவில்தான். தனி மனுவால் வருவதில்லை.

தனி வயல் அளவில் பார்க்கும் இழப்பு இரண்டு வகை. அவற்றுக்குத்தான் 72 மணி நேரம். ஒன்று, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ, பயிரில் நீர் தேங்குதல் போன்ற குறிப்பிட்ட இடத்து இயற்கைச் சேதம். மற்றொன்று, அறுத்துப் போட்ட பயிர் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டுப்போவது.

முதல் வகையில் நெல்லுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர். எது வழக்கமான தண்ணீர், எது சேதம் என்று பிரிப்பது கடினம் என்று சொல்லி, நெல் நீரில் மூழ்குவதை 2018இல் இந்தத் தனி வயல் பாதுகாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ சம்பா விவசாயிகள் வெள்ளத்தின்போது விழுந்தடித்துக்கொண்டு தகவல் கொடுத்தும் தனி இழப்பீடு வராததற்கு இதுதான் காரணம். 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இதை மறுபடி சேர்ப்பதாக அறிவித்தது. காட்டு விலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் அதோடு சேர்த்தது. இரண்டும் 2026 காரீப் பருவத்திலிருந்து. எனவே ரசீதின் மேலே இருக்கும் பருவத்தையும் ஆண்டையும் பாருங்கள். அதற்கு முந்தைய பருவத்து ரசீதுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பிந்தையது என்றால், உங்கள் மாவட்டத்துக்கான அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வகையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரைதான் பாதுகாப்பு. அந்த 14 நாளுக்குள் மழை பெய்து சேதமானால், சேதம் நடந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பிப்ரவரி 5ஆம் தேதி அறுத்து, 9ஆம் தேதி இரவு 8 மணிக்கு மழை என்றால், 12ஆம் தேதி இரவு 8 மணி வரை. நடுவில் ஞாயிறு வந்தாலும் கடிகாரம் நிற்காது.

அதைவிட முக்கியம், என்ன நிலையில் கிடந்த பயிர் என்பது. அறுத்து வயலிலேயே பரப்பியோ சிறு கட்டாகக் கட்டியோ காயப்போட்ட பயிருக்குத்தான் இது பொருந்தும். டெல்டாவில் இன்று பெரும்பாலும் அறுவடை எந்திரம். எந்திரம் அறுத்த கையோடு நெல் தனியாக வந்துவிடுகிறது. அந்த நெல்லைச் சாலையிலோ கொள்முதல் நிலைய வாசலிலோ குவித்து வைத்து, அது மழையில் முளைவிட்டால், இந்த விதியில் இடம் இல்லை. கையால் அறுத்துப் பரப்பிய நெல், பறித்துப் போட்ட உளுந்து, பிடுங்கி வைத்த நிலக்கடலை இவற்றுக்கு உண்டு.

தகவல் சொல்வது எப்படி

14447 என்ற எண்ணுக்குப் பேசலாம். அல்லது மத்திய அரசின் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் பதியலாம். வங்கி, வேளாண் அலுவலகம் வழியாகவும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் விண்ணப்ப எண், சர்வே எண், பயிர், சேதத்தின் காரணம், நடந்த தேதி, எத்தனை பரப்பு என்பது வேண்டும். சொல்லி முடித்ததும் ஒரு பதிவு எண் தருவார்கள். அதை ரசீதின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று வாதாடி ஜெயிப்பது கடினம்.

வயலைப் படம் எடுக்கும்போது போனில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு எடுங்கள். வயல் முழுவதும் தெரிய ஒன்று, சேதம் அருகில் தெரிய ஒன்று, மதகோ மரமோ மின்கம்பமோ அடையாளத்துக்குத் தெரிய ஒன்று. தகவல் போன 48 மணி நேரத்துக்குள் இழப்பு மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், அடுத்த 10 நாளில் மதிப்பீடு முடிய வேண்டும், அதிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி. அவர் வரும் முன் உழுது போட்டுவிட்டால் அவர் பார்க்க ஒன்றும் இருக்காது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வெள்ளத்துக்குப் பின் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் வந்து எடுக்கும் சேதக் கணக்கு அரசு நிவாரணத்துக்கானது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் அது கிடைக்கும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பின் தமிழக அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது அப்படித்தான். அதற்குக் காப்பீட்டு ரசீது தேவையில்லை. அந்தக் கணக்கில் பெயர் எழுதிக்கொண்டார்கள் என்பதால் காப்பீட்டுத் தகவல் போய்விட்டது என்றும் ஆகாது. இரண்டும் இரண்டு தனி வாசல்.

கடைசியாக வங்கிக் கணக்கு. இழப்பீடு நேராகக் கணக்குக்கு வரும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும், ஆதாரோடு இணைக்காத பழைய கணக்காக இருந்தாலும், வந்த பணம் திரும்பிப் போகும். ரசீதில் இருக்கும் எண்ணை வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

சித்தப்பா இப்போது ஊரில் நான்கைந்து பேருடைய ரசீதை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் பேசியபோது, "தொகையை அப்பறம் பாரு, ஊரு பேர மொதல்ல பாருன்னு சொல்லியிருக்கேன்" என்றார். ஒருவருடைய ரசீதில் உட்பிரிவு எண் விடுபட்டிருந்ததாம், மாற்றிவிட்டார்களாம்.

உங்கள் ரசீது அலமாரியில் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். ஊர், பயிர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வங்கிக் கணக்கு. ஆறையும் அடங்கலோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் கடைசித் தேதிக்கு முன் திருத்தலாம். அதன் பிறகு அலைச்சல்தான்.